விறாந்தையை வரையும்போது தூண்கள் ஏன் நெருங்குகின்றன?

தரம் 8 பிள்ளைகளின் சித்திரக் கொப்பி வீட்டுக்கு வந்த பிறகு சில வாப்பாமார் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அதில் ஒருவர் மேசன் வேலை செய்பவர், எங்கள் மேல்மாடிக் கட்டடத்திலும் வேலை செய்தவர். "சேர், அந்த விறாந்தைத் தூண் எல்லாம் பத்தடிக்கு ஒண்டுதான். நாங்கதான் நூல் புடிச்சி நட்டம். புள்ள ஏன் கிட்டக் கிட்டக் கீறி இருக்கு?" என்றார். கேட்டதோடு நிற்கவில்லை. மகளின் படத்தை அழித்து, அடிமட்டம் வைத்துத் தூண்களைச் சம இடைவெளியில் திருத்தியும் அனுப்பியிருந்தார். அடுத்த நாள் பிள்ளை கொப்பியைத் திறக்கவே இல்லை. வாப்பா சொன்னது சரியா, தன் கண் கண்டது சரியா என்று அதற்குத் தெரியவில்லை.

கேள்வி நியாயமானது. அதனால்தான் சித்திரப் பாடத்துக்கும் கணித பாடத்துக்கும் பொறுப்பான நாங்கள் இருவரும் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில் நாங்கள் செய்த பயிற்சி. விறாந்தையின் இடப்பக்கம் வகுப்பறைச் சுவர், வலப்பக்கம் ஐந்து தூண்கள். அகலம் 8 அடி, உயரம் 10 அடி. ஐந்தாவது தூணோடு விறாந்தை முடிந்து, நேர் எதிரே ஒரு கதவு. முதல் தூணுக்குப் பத்தடி பின்னால், நடுவில் ஒரு கதிரை போட்டோம். பிள்ளைகள் முறை வைத்து அதில் உட்கார்ந்தார்கள். ஒரு கண்ணை மூடி, கையை மடக்காமல் நீட்டி, பென்சிலைக் கூரை விளிம்போடு சரித்துப் பிடிக்கச் சொன்னோம். அந்த விளிம்பு தூரம் போகப் போகக் கீழே இறங்குகிறது. தரை விளிம்பு மேலே ஏறுகிறது. இரண்டையும் நீட்டினால் எங்கே சந்திக்கும் என்று விரலால் காட்டச் சொன்னோம். எல்லோரும் எதிரே உள்ள கதவைத்தான் காட்டினார்கள். ஆனால் கதவின் எந்த உயரம் என்பதில் சண்டை வந்தது. உயரமான பையன் எழுந்து நின்று பார்த்து மேலே காட்டினான். தரையில் சப்பணமிட்டு இருந்தவள் கீழே காட்டினாள். இருவரும் சரி. அந்தப் புள்ளி பார்ப்பவரின் கண் உயரத்திலேயே இருக்கும். இதை மறைவுப் புள்ளி என்பார்கள். கட்டடத்தில் அப்படி ஓர் அடையாளமும் கிடையாது, பார்ப்பவர் எழுந்தால் அதுவும் எழும்பும்.

ஆகவே தாளில் முதலில் குறிக்க வேண்டியது கண்மட்டக் கோடு. 2 சென்ரிமீற்றர் ஒரு அடி என்று வைத்து, 16 அகலம், 20 உயரத்தில் ஒரு சட்டம் கீறினோம். கதிரையில் இருக்கும் பிள்ளையின் கண் நிலத்திலிருந்து ஏறத்தாழ மூன்றரை அடி. அதனால் சட்டத்தின் அடியிலிருந்து 7 சென்ரிமீற்றர் உயரத்தில் கண்மட்டக் கோடு, அதன் நடுவில் மறைவுப் புள்ளி. சட்டத்தின் நான்கு மூலையிலிருந்தும் அந்தப் புள்ளிக்கு மெல்லிய கோடுகள். இவ்வளவு கீறியதும் தரை, கூரை, சுவர், தூண் வரிசை எல்லாம் வந்துவிடும். சட்டத்தின் வலது விளிம்புதான் முதல் தூண்.

இனித்தான் வாப்பாவின் கேள்வி. இரண்டாவது தூண் எங்கே?

கண்ணிலிருந்து முதல் தூண் 10 அடி, இரண்டாவது 20 அடி. தூரம் இரண்டு மடங்கானால் தோற்றம் பாதி. முதல் தூண் தாளில் 20 சென்ரிமீற்றர், இரண்டாவது 10. பென்சிலில் பெருவிரலை வைத்து அளந்தே பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்தார்கள். சிக்கல் மூன்றாவதில் வந்தது. வகுப்பில் பாதிப் பேர் மறுபடியும் பாதியாக்கி 5 என்று கீறினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது தூண் 30 அடி தூரத்தில் இருக்கிறது, அது மூன்றிலொரு பங்காக வேண்டும், 6.7 அளவில். நான்காவது 5, ஐந்தாவது 4. பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால், இடைவெளி 10, 20, 40, 80 அடி என்று நீளும் வேறொரு கட்டடத்தைத்தான் அந்தப் பிள்ளை வரைகிறது.

இந்தப் பிழை நம் பிள்ளைகளோடு தொடங்கியதல்ல. 1435இல் இத்தாலியில் அல்பேர்ட்டி என்பவர் ஓவியம் பற்றி எழுதிய நூலில், ஒவ்வொரு இடைவெளியையும் முந்தியதிலிருந்து மூன்றிலொரு பங்கு குறைத்துக்கொண்டே போகும் ஓவியர்களைக் கண்டித்திருக்கிறார். ஒரே விகிதத்தில் குறைப்பது கைக்கு லேசு. கண் அப்படிப் பார்ப்பதில்லை.

வாப்பா திருத்திய படத்தையும் இதே கணக்கால் பார்த்தோம். கதவுக்கு இப்பால் ஐந்து தூணையும் தாளில் சம இடைவெளியில் நட்டிருந்தார். அப்படியென்றால் உண்மையில் முதல் இரண்டு தூணுக்கும் இடையில் இரண்டரை அடிதான். அடுத்தது நாலடிக்குச் சற்று மேல், பிறகு எட்டடிக்கு மேல், கடைசி இடைவெளி 25 அடி. தாளில் சமமாக்கியதால் நிலத்தில் கோணலாகிவிட்டது. இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "அப்படி நட்டா கூலி தரமாட்டாங்களே!"

ஆனாலும் எண்களை அவர் நம்பவில்லை. அவர் நம்பியது மூலைவிட்டத்தை. அத்திவாரம் வெட்டும்போது மூலைக்கு மூலை நூல் பிடித்துச் சதுரம் சரிபார்ப்பவருக்கு அது புதிதல்ல. முதல் தூணையும் மூன்றாவது தூணையும் இரு பக்கமாகக் கொண்ட ஒரு நீள்சதுரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தூண் சரி நடுவில் நிற்கிறது. முதல் தூணின் உச்சியிலிருந்து மூன்றாவதன் அடிக்கு நூல் பிடித்தால், அது இரண்டாவது தூணை நடுவில் வெட்டியே ஆகும். நேர்கோடு படத்திலும் நேர்கோடுதான். தூண் நிமிர்ந்து நிற்பதால் அதன் நடுவும் படத்தில் நடுவே. ஆகவே இரண்டாவது தூணின் நடுவைக் குறியுங்கள். முதல் தூணின் உச்சியிலிருந்து அந்தக் குறி வழியாகத் தரைக்கோடு வரை அடிமட்டத்தால் இழுங்கள். அது தரையைத் தொடும் இடத்தில் மூன்றாவது தூண். அடுத்து, இரண்டாவதன் உச்சியிலிருந்து மூன்றாவதன் நடு வழியாக நான்காவது. கணக்குத் தெரியாத பிள்ளையும் இதைச் செய்யலாம். ஆனால் இரண்டாவது தூணைப் பிழையாக வைத்தால் மற்றதெல்லாம் அதே பிழையைச் சுமக்கும். அதனால் அதை மட்டும் பென்சிலால் இரண்டு தடவை அளக்க வைக்கிறோம்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இது விறாந்தையை நேரே பார்த்து இருக்கும்போது மட்டும்தான். கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பினால் எதிர்ச் சுவரும் சரியத் தொடங்கும், ஒரு புள்ளி போதாது. கழுத்தைத் திருப்பித் திருப்பி வரையும் பிள்ளையின் படத்தை உடனே கண்டுபிடிக்கலாம். தூண் வரிசை ஓரிடத்துக்கும் சுவரின் யன்னல்கள் இன்னோரிடத்துக்கும் ஓடும்.

கடந்த கிழமை வாப்பா பாடசாலைக்கு வந்து அந்தக் கதிரையில் இருந்து பார்த்தார். மகள் பக்கத்தில் நின்று மூலைவிட்டம் இழுத்துக் காட்டியது. அவர் கேட்ட கடைசிக் கேள்வி கதவின் கைப்பிடியைப் பற்றியது. அது எங்கே வரும்? "அது நிலத்திலிருந்து மூன்றரை அடி வாப்பா" என்றது பிள்ளை. "என்ட கண் உசரம். கண்மட்டக் கோட்டுலயே வரும்." பென்சிலை எடுத்து, கோட்டின் மேலேயே ஒரு சின்னப் புள்ளி வைத்தது.