இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு குரல்

கொல்கத்தாவின் வடக்கே, ஹூக்ளி ஆற்றங்கரையை ஒட்டியிருக்கும் குமார்துலியில் நான்கு மாதங்கள் படம்பிடித்தேன். ரதயாத்திரை நாளில் மரச்சட்டத்துக்குப் பூசை செய்து வேலை தொடங்குவார்கள். பிறகு வைக்கோலைக் கட்டி உருவம் அமைப்பார்கள். ஒட்டும் தன்மையுள்ள களிமண்ணை முதலில் பூசி, அது காய்ந்து வெடித்தபின் நுண்மணல் கலந்த மண்ணால் மேற்பூச்சு இடுவார்கள். மகாளயத்தன்று துர்க்கைக்குக் கண் எழுதுவார்கள். இந்த வரிசையையும், செய்கிறவர்களின் சொற்களையும் பதிவு செய்வதே என் ஆய்வுப்படத்தின் நோக்கம். ஒன்றரை மணி நேர முதல் வெட்டு முடிந்தபோது டைம்லைனில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளிப்கள் இருந்தன. படங்கள் எல்லாம் ஒரே நீலம். ஒலிகள் எல்லாம் ஒரே பச்சை.

மூத்த கைவினைஞர் ஒருவர் தம் நேர்காணலில், பூசைக் குழுக்கள் தரும் முன்பணத்தைப் பற்றியும் தாம் பட்ட கடனைப் பற்றியும் ஏறத்தாழ ஆறு நிமிடம் பேசியிருந்தார். இரண்டு மாதம் கழித்து, அந்தப் பகுதி மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருக்கு வாக்களித்துவிட்டு வந்து, அவர் முகம் தெரியும் இடங்களை எல்லாம் நீக்கினேன். துறையில் திரையிடுவதற்கு முந்தைய இரவு, காதில் ஹெட்ஃபோனோடு கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். மழையில் நனையாதபடி சிலைகளைத் தார்ப்பாயால் மூடும் காட்சியின் அடியில் அவர் குரல் கேட்டது. அதே கடன் கணக்கு. காட்சிக்குப் பொருந்துகிறது என்று பல வாரங்களுக்கு முன் நானே அங்கே வைத்த பதினான்கு வினாடிகள். முகத்தைத் தேடிய கண்ணுக்கு, முகமில்லாத குரல் தட்டுப்படவில்லை.

அந்தப் பதினான்கு வினாடிகள்தாம் என்னை வண்ணங்களின் பக்கம் திருப்பின. நான் பயன்படுத்துவது டாவின்சி ரிசால்வ். அதில் இரண்டு வகை வண்ணங்கள் உண்டு. இரண்டையும் வேறுபடுத்தாமல் போனதால் முதல் முயற்சியில் ஒரு வாரத்தை வீணாக்கினேன்.

முதலாவது, டிராக்கின் வண்ணம். டிராக்கின் தலைப்பில் வலது சொடுக்கு செய்து `Change Track Color` என்பதில் தேர்ந்தெடுக்கலாம். அந்த டிராக்கில் உள்ள கிளிப்கள் அந்த வண்ணத்தைப் பெறும். ஆனால் அது கிளிப்புக்கு உரிய வண்ணம் அன்று, இடத்துக்கு உரிய வண்ணம். ஒரு கிளிப்பை வேறு டிராக்குக்கு நகர்த்தினால் அது புதிய இடத்தின் வண்ணத்தை அணிந்துகொள்ளும். ஆகவே தவறான டிராக்கில் விழுந்த கிளிப்பை டிராக் வண்ணம் காட்டிக்கொடுக்காது, மறைக்கவே செய்யும். இந்த வண்ணத்தை நான் ஒலியின் பணியைச் சொல்ல மட்டும் வைத்துக்கொண்டேன்: முகத்தோடு வரும் பேச்சுக்கு ஒன்று, வேறு காட்சிகளின் மேல் ஒலிக்கும் பேச்சுக்கு ஒன்று, பட்டறையின் சூழலொலிக்கு ஒன்று, டாக் முழக்கத்துக்கு ஒன்று.

இரண்டாவது, கிளிப்பின் வண்ணம். கிளிப்பின் மேல் வலது சொடுக்கு செய்து `Clip Color` என்பதில் பதினாறு வண்ணங்களில் ஒன்றைத் தரலாம். இது டிராக் வண்ணத்தை மீறி நிற்கும். கிளிப் எங்கே சென்றாலும் கூடவே செல்லும். வெட்டினால் இரண்டு துண்டுகளிலும் தங்கும். `Clear Color` கொடுத்தால்தான் நீங்கும். முதலில் பேசுபவருக்கு ஒரு நிறம், வேலையின் கட்டத்துக்கு ஒரு நிறம், ஒளி குறைந்த காட்சிக்கு ஒரு நிறம் என்று வாரி இறைத்தேன். மங்கலான ஒளியில் வைக்கோல் கட்டிக்கொண்டே பேசும் ஒருவரின் கிளிப்புக்கு எந்த நிறம்? ஒரு கிளிப் ஒரு நிறத்தைத்தான் தாங்கும். ஆகையால் அது ஒரே கேள்விக்குத்தான் விடை சொல்ல முடியும். என் படத்துக்கு அந்தக் கேள்வி, ‘இதைக் காட்ட ஒப்புதல் உண்டா?’ என்பதே. உண்டு என்றால் ஆலிவ். நிபந்தனையோடு உண்டு என்றால் மஞ்சள். திரும்பப் பெறப்பட்டது என்றால் இளஞ்சிவப்பு. நிறமே இல்லாத பேச்சுக் கிளிப், நான் இன்னும் சரிபார்க்காதது. ஆரஞ்சையும் ஏப்ரிகாட்டையும் அருகருகே பயன்படுத்துவதைத் தவிர்த்தேன்; இரவு இரண்டு மணிக்கு அவை ஒன்றாகவே தெரிகின்றன.

இந்த ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை இருந்தது. கிளிப் வண்ணம் நான் தொட்ட துண்டுக்கு மட்டுமே சேரும். அதே நேர்காணலிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்த இன்னொரு துண்டு பழைய நிறத்திலேயே கிடக்கும். படத்தையும் ஒலியையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதி அணைந்திருந்தால், படம் இளஞ்சிவப்பாகும். அதன் ஒலி பச்சையாகவே இருக்கும். அதாவது, என் முதல் தவறு நிறங்களோடு மீண்டும் நிகழும்.

இங்கே உதவியது கொடி. கொடி என்பது கிளிப்பின் மூலக் கோப்போடு ஒட்டிக்கொள்வது. ஓரிடத்தில் கொடி நட்டால், அந்த மூலத்திலிருந்து வந்த எல்லாத் துண்டுகளிலும் அது தோன்றும். மூத்தவரின் நேர்காணல் கோப்புக்குச் சிவப்புக் கொடி இட்டேன். டைம்லைன் முழுவதும் இருபத்து மூன்று இடங்களில் கொடி முளைத்தது. கொடி முழு நேர்காணலையும் குறிக்கிறதே அன்றி, அவர் விலக்கிக்கொண்ட ஆறு நிமிடத்தை மட்டும் குறிப்பதில்லை. ஆகவே இருபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து, மூலக் கோப்பின் நேரக்குறியீட்டை என் குறிப்பேட்டோடு ஒப்பிட்டேன். பத்தொன்பது, மண்ணைப் பற்றியும் தந்தையிடம் தொழில் கற்றதைப் பற்றியும் அவர் பேசியவை, அவை ஆலிவ். நான்கு, அந்த ஆறு நிமிடத்துக்குள் விழுந்தவை, அவை இளஞ்சிவப்பு. நான்கில் ஒன்று நான் முன்பே கேட்ட பதினான்கு வினாடி. மற்ற மூன்றும் எனக்குப் புதியவை. அவற்றுள் ஒன்று, டாக் முழக்கத்துக்கு அடியில் ஒலியளவு குறைத்து வைத்திருந்த ஒற்றை வாக்கியம். அதைக் காது பிடித்திருக்காது.

மூன்று எச்சரிக்கைகள். பல கிளிப்களை ஒரே கூட்டுக் கிளிப்பாக மடித்துவிட்டால் உள்ளே இருக்கும் நிறங்கள் வெளியே தெரியா. எனவே சரிபார்க்கும் முன் ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க வேண்டும். டைம்லைனின் பழைய நகல்களில் நீக்கப்படாத குரல் அப்படியே இருக்கும். அவற்றையும் தேட வேண்டும். மூன்றாவதாக, நிறம் மென்பொருளுக்குள் இருக்கும் அடையாளம் மட்டுமே. கோப்பின் பெயர், நேரக்குறியீடு, ஒப்புதலின் தன்மை, அவர் அதைச் சொன்ன நாள் ஆகிய நான்கையும் தாளில் எழுதி வைத்தேன். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத நண்பர் ஒருவர் பின்னர் இந்தப் படத்தில் பணியாற்ற வந்தபோது, அந்தத் தாளை வைத்தே வேலை செய்தார்.

திரையிடலை ஒரு வாரம் தள்ளி வைத்தேன். இறுதிப் பதிவை எடுக்கும் முன் டைம்லைனை முழு அகலத்துக்குச் சுருக்கி, படத்துணுக்குகள் தெரியாத எளிய காட்சிக்கு மாற்றிப் பார்த்தேன். ஆலிவும் மஞ்சளும் இருந்தன. இளஞ்சிவப்பு எங்கும் இல்லை. நிறமற்ற பேச்சுக் கிளிப்கள் இரண்டு எஞ்சியிருந்தன. அவை யாருடையவை என்று பார்த்து, மறுநாள் காலை குமார்துலிக்குக் கேட்கப் போனேன்.