கோபத்தில் எழுதிய விதி

எங்கள் உணவகத்தில் டேபிள் முன்பதிவுக்கு விதி எழுதியது நான்தான். வாடிக்கையாளர்கள் வாட்ஸப்பில் பெற்ற வாசகம் இது: "முன்பதிவு செய்துவிட்டு வராதவர்களிடம் நபருக்கு 500 ரூபாய் அபராதம் வசூலிக்கப்படும். 15 நிமிடத்துக்கு மேல் டேபிள் ஒதுக்கி வைக்கப்பட மாட்டாது. நிர்வாகத்தின் முடிவே இறுதியானது."

பத்துப் பேருக்குச் சொல்லிவைத்த ஒரு கூட்டம் சனிக்கிழமை இரவு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. டேபிள்களைச் சேர்த்துப் போட்டுவிட்டு, வாசலில் நின்றவர்களைத் திருப்பி அனுப்பியிருந்தோம். அந்தக் கோபம் தணியுமுன் எழுதினேன். வராமல் ஏமாற்றியவர்களை நினைத்து எழுதினேன். ஆனால் அதைப் படித்தவர்களில் பெரும்பாலோர் ஒழுங்காக வந்து சாப்பிடப் போகிறவர்கள். அது என் புத்தியில் படவே இல்லை.

வெளிநாட்டு உணவகங்கள் பலவற்றில் கார்டு விவரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, ஆள் வராவிட்டால் கட்டணத்தை எடுத்துக்கொள்வார்கள். இங்கே அது எளிதில் நடக்காது. பணம் எடுக்கப் பொதுவாக வாடிக்கையாளர் ஓடிபி போட வேண்டும். 2022 அக்டோபரிலிருந்து கடைக்காரர் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கவும் ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. அதனால் யுபிஐயில் முன்னதாகவே பணம் வாங்கினேன். பில்லில் அதைக் கழித்தோம் என்றாலும், வாசகத்தில் அபராதம் என்ற பெயரை மாற்றவில்லை. தவறே செய்யாதவர்கள் அபராதம் கட்டிவிட்டுச் சாப்பிட வந்தார்கள்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு மறுநாள் இரவு விருந்துக்கென்று ஒரு பெண் 8 பேருக்கு 4,000 ரூபாய் கட்டியிருந்தார். விருந்தன்று மதியம் அப்பாவை மருத்துவமனையில் சேர்த்துவிட்டதாகப் போன் செய்தார். மேலாளர் என்னைக் கேட்டார். "விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்றேன். அன்றிரவு அந்த டேபிளில் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்கு நஷ்டமே இல்லை. அவர் பணத்தையும் வைத்துக்கொண்டேன், இவர்கள் பில்லையும் வாங்கிக்கொண்டேன். பிறகு பணத்தைத் திருப்பி அனுப்பி மன்னிப்புக் கேட்டேன். அவர் அதன்பின் எங்களிடம் வரவில்லை.

சிகாகோவில் உணவகம் நடத்திய கோர்டன் சின்க்ளேர் செய்ததை அப்புறம்தான் படித்தேன். வர முடியாவிட்டால் போன் செய்யுங்கள் என்று சொல்லிவந்த வரவேற்பாளரை, "போன் செய்வீர்களா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கச் சொன்னார். சொல்லாமல் வராமல் போகிறவர்கள் 30 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைந்ததாக உளவியலாளர் ராபர்ட் சியால்டினி எழுதியிருக்கிறார். வாயால் "சரி" என்று சொல்லிவிட்டவர் அதைக் காப்பாற்றப் பார்க்கிறார். நான் யாரிடமும் எதையும் கேட்கவில்லை, அறிவித்தேன்.

இப்போது அனுப்புவது இது: "சனிக்கிழமை இரவு 8 மணிக்கு உங்கள் 8 பேருக்கும் டேபிள் தயாராக இருக்கும். அட்வான்ஸ் 1,600 ரூபாய், பில்லில் கழித்துக்கொள்வோம். திட்டம் மாறினால் அன்று மாலை 4 மணிக்குள் சொல்லுங்கள், முழுத் தொகையும் திரும்ப வரும். அதற்குப் பிறகு இவ்வளவு பெரிய டேபிளுக்கு வேறு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால் அட்வான்ஸைத் திருப்ப இயலாது. 8.15 வரை டேபிள் உங்களுக்குத்தான். டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால் ஒரு போன் போடுங்கள், 8.30 வரை வைத்திருப்போம். வர முடியாவிட்டால் எங்களுக்குச் சொல்வீர்களா?"

மொத்தத் தொகையையே எழுதுகிறோம். அவசரத்தில் படிப்பவர் பெருக்கிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். நேரத்தையும் "15 நிமிடம்" என்று சொல்லாமல் 8.15 என்கிறோம். 4 மணி நானாக வைத்த கெடு அல்ல: காத்திருப்போரைக் கூப்பிட எங்களுக்கு அத்தனை நேரமாவது வேண்டும். காரணம் வாசகத்திலேயே இருப்பதால் அதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. வெள்ளி முதல் ஞாயிறு வரை, ஆறு பேருக்கு மேல் என்றால்தான் அட்வான்ஸ். இருவர் டேபிள் காலியானால் வாசலில் நிற்பவர்களே நிரப்பிவிடுகிறார்கள், அதற்குப் பணம் கேட்க எனக்கு நியாயம் இல்லை.

வாசகத்தில் இல்லாத இரண்டு விதிகளை மேலாளரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். டேபிளில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டால், 4 மணிக்குப் பின் சொன்னவருக்கும் பணத்தைத் திருப்ப வேண்டும். உடம்பு சரியில்லை, சாவு என்றால் என்னைக் கேட்காமலே திருப்பலாம்; சான்று கேட்கக் கூடாது. பொய் சொல்லிப் பணம் வாங்குபவரும் இருப்பார். அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்கிறேன்.

போனில் பதிவு செய்பவர்களுக்கு இன்னும் சரியாகச் செய்யவில்லை. எங்கள் பையன்கள் அட்வான்ஸைப் பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டு, கடைசியில் முணுமுணுத்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். பணம் கட்டும் லிங்க் போனதும் "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது சரிதான். பதிவு நோட்டில் பெயருக்கு முன்னால் அட்வான்ஸ் தொகைக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அதை நிரப்பாமல் பெயரை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.