பல்லும் புல்லும்

முயல் என்றால் காரட் என்பது சித்திரப் புத்தகங்கள் நமக்குக் கற்றுக் கொடுத்த பாடம். அடுத்த வீட்டு மாமி அதை அப்படியே நம்பினாள். பேத்திக்காக வாங்கிய வெள்ளை முயலுக்கு 'முத்து' என்று பெயரிட்டு, வேளாவேளைக்குக் காரட்டும் ஊற வைத்த கடலையும் கொடுத்து வளர்த்தாள். முத்துவும் கொழுகொழுவென்று ஆயிற்று. அப்புறம் என்ன குறை என்கிறீர்களா?

ஒன்றரை வருஷம் கழித்து, முத்து காரட்டை ஆவலோடு கவ்வும். உடனே கீழே போட்டுவிடும். மோவாய் எப்போதும் எச்சிலில் நனைந்திருந்தது. புழுக்கை மிளகளவாகச் சிறுத்துவிட்டது. ஒரு நாள் காலையிலிருந்து எதையுமே தொடாமல், முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தது.

"கோபம் போலிருக்கு" என்றாள் மாமி. எனக்கென்னவோ வலி என்று தோன்றியது. மாலையே இருவரும் மிருக வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

முன்பற்கள் ஒழுங்காகத்தான் இருந்தன. விளக்குக் குழலை வாய்க்குள் விட்டுப் பார்த்தபோதுதான் சங்கதி வெளிப்பட்டது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஊசிபோல் நீண்டு நாக்கைக் குத்திக் கொண்டிருந்தது! மயக்க மருந்து கொடுத்து அதை ராவிச் சரிப்படுத்தினார்.

"முயலுக்கு ஆயுள் முழுவதும் பல் வளரும், அம்மா. முன்பல் வாரத்துக்குச் சுமார் 2 மில்லி மீட்டர் வளரும். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத்தான் கடைவாய்ப் பல் தேய வேண்டும். காரட்டை நாலு கடியில் விழுங்கிவிடுகிறதே, பல்லுக்கு வேலை எங்கே?" என்றார் வைத்தியர்.

இப்போது முத்துவுக்கு முக்கிய ஆகாரம் உலர்ந்த புல். தினமும் அதன் உடம்பளவு ஒரு குவியல். தட்டு காலியாகவே கூடாது. வைக்கோல் இதற்கு ஈடாகாது. அது நெல் எடுத்த பின் மிஞ்சும் தாள், சத்துக் குறைவு. புல்லில் பசுமை கொஞ்சம் தங்கி, நல்ல வாசனை வர வேண்டும். பூஞ்சைக் காளான் வாடை அடித்தால் குப்பைக்குத்தான். கடலையைத் திடீரென்று நிறுத்தாமல், இரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தோம். காரட் எப்போதாவது ஒரு சிறு துண்டு, நமக்கு லட்டு மாதிரி.

முதலில் முத்து புல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. முயல் மலஜலம் கழிக்கும்போதே மெல்லும் சுபாவமுள்ளது. ஆகையால் புல்லை அந்த மூலையிலேயே வைத்தோம், பலித்தது. குறுகின கூண்டிலிருந்தும் அதற்கு விடுதலை. மூன்று தாவல் தாவவும், காது கூரையில் இடிக்காமல் பின்னங்காலில் நிமிரவும் இப்போது தாழ்வாரத்தில் இடமிருக்கிறது.

ஒரு முறை கோணிய பல்லைப் புல் மட்டுமே நேராக்கிவிடாது. சில மாதத்துக்கு ஒரு தரம் வைத்தியர் பார்க்கத்தான் வேண்டும். இன்னொன்று: தடவிக் கொடுக்கும்போது பல் மெதுவாக அசைந்தால் அது சந்தோஷம். கூனிக்கொண்டு உரக்கக் கடித்தால் வலி. பன்னிரண்டு மணி நேரம் முயல் ஒன்றும் தின்னவில்லையானால் குடல் ஓய்ந்து போய்விடும். விடியட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள்.