மாற்றித் தருக எனக் கேட்கும் கடிதம்

சம்பூரைச் சேர்ந்த உறவுக்காரப் பெண் ஒருவர், கடைக்கு ஒரு கடிதம் எழுதித் தருமாறு 2024ஆம் ஆண்டு மே மாதம் என்னிடம் கேட்டார். 2006இல் இடம்பெயர்ந்து, 2015க்குப் பின்னரே சொந்தக் காணிக்குத் திரும்பிய குடும்பம் அது. மகன் கட்டாரில். அவனோடு பேசுவதற்கென மே 6ஆம் திகதி திருகோணமலை நகரில் வாங்கிய கைத்தொலைபேசி, இரண்டாம் நாளே அழைப்பின் நடுவில் அணையத் தொடங்கியது.

கடைக்காரரோ, "வைச்சிட்டுப் போங்கோ, கொழும்புக்கு அனுப்பித் திருத்தித் தாறம்" என்றாராம். பணிவான சொல்தான். ஆனால் சிக்கல் அதில்தான் தொடங்குகிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றிய முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பொருள் திருத்தத்துக்குப் போய்வரும் வாரங்களும் அந்தக் கணக்கிலேயே கழியும்.

"அண்ணை, பழுதெண்டு எழுதினாப் போதாதோ?" என்று கேட்டார். போதாது. பழுது என்ற சொல்லைக் கடைக்காரர் எப்படியும் மறுக்கலாம். நாளையும் நிகழ்வையும் மறுப்பது கடினம். நான் எழுதியது இவ்வளவுதான்:

"06.05.2024 அன்று தங்களிடம் வாங்கிய கைத்தொலைபேசி, 08.05.2024 முதல் மின்கலம் பாதிக்கு மேல் இருக்கையிலும் அழைப்பின் நடுவே அணைகிறது. வேறு சிம் அட்டையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. அது கீழே விழவோ நனையவோ இல்லை. திருத்தம் வேண்டாம், அதே வகையில் புதியது ஒன்றைத் தரவும், இயலாவிடில் பணத்தைத் திருப்பித் தரவும் வேண்டுகிறேன். பதினான்கு நாட்களுக்குள் பதில் இல்லையெனில் அதிகார சபையில் முறையிடுவேன்."

சிம்மை மாற்றிப் பார்த்த வரி முக்கியமானது. குறை வலையமைப்பில் அன்று, கருவியில்தான் என்பதை அது காட்டுகிறது. கடிதத்தின் தலைப்பில் பற்றுச்சீட்டு இலக்கத்தையும் *#06# அழுத்தினால் திரையில் வரும் பதினைந்து இலக்க எண்ணையும் சேர்த்தோம். பெட்டியில் உள்ள எண்ணும் அதுவும் ஒன்றாக இருந்தால், 'இது எங்கள் கருவி அல்ல' என்று கடை சொல்ல இயலாது. பற்றுச்சீட்டின் மூலப்பிரதியைக் கொடுக்கவில்லை. நிழற்படப் பிரதியையே இணைத்தோம். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, அந்தச் சிட்டையையும் பத்திரப்படுத்தினோம்.

கருவியைச் சோதித்துப் பார்க்கக் கடைக்கும் உரிமை உண்டு. தண்ணீர் புகுந்த தடயம் இருந்திருந்தால் இக்கடிதம் நின்றிராது. இரண்டு நாள் சோதித்தபின் கடை புதியதைக் கொடுத்தது. மறுத்திருந்தால், விசாரணைக்குப் பின் மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பித் தரவோ நட்டஈடு வழங்கவோ உத்தரவிடும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு. 1977 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஆனால் முறைப்பாடு எழுத்தில்தான் இருக்க வேண்டும்.