மஞ்சள் போர்டு, குறுக்குச் சுத்தியல், ஒரு ‘S’: வெளிநாட்டு டைம்டேபிளை போட்டோ எடுத்தால் மட்டும் போதுமா?

ஜெர்மனி ரயில் நிலையங்களில் இரண்டு நிறத்தில் அட்டவணை ஒட்டியிருப்பார்கள். மஞ்சள் தாளில் இருப்பது புறப்படும் ரயில்கள், வெள்ளைத் தாளில் இருப்பது வந்து சேரும் ரயில்கள். ஊர்ப் பெயர்கள் இரண்டிலும் இருக்கும் என்பதால், அவசரத்தில் வெள்ளைத் தாளை போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுபவர்கள் உண்டு.

மதுரை வில்லாபுரத்தில் இருந்து மகன் வீட்டுக்குப் போயிருந்த ஒரு தம்பதிக்கு அந்தக் குழப்பம் வரவில்லை. மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அவர், சரியாக மஞ்சள் தாளைத்தான் போனில் எடுத்திருந்தார். முனிச் நகரத்துக்கு வெளியே இருக்கும் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஸ்டேஷன் போய், அங்கிருந்து முனிச் வழியாக டேகர்ன்சே ஏரிக்குப் போய் வருவது திட்டம். நாள், 2025 ஜூன் 19, வியாழக்கிழமை. பஸ் ஸ்டாப் அட்டவணையையும் போட்டோ எடுத்து வைத்திருந்தார். திங்கள் முதல் வெள்ளி வரைக்கான கட்டத்தில் காலை 7.10-க்கு ஒரு பஸ். “வியாழக்கிழமைதானே, அதுல போயிடலாம்” என்றார்.

முதல் நாள் இரவு மருமகள் அந்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். “மாமா, 7.10-க்குப் பக்கத்துல குட்டியா ஒரு S இருக்கு பாருங்க. கீழே விளக்கம் இருக்குமே, அதை எடுக்கலையா?” போட்டோவில் அந்த இடம் விடுபட்டிருந்தது. நேரம் மட்டும் தெரிந்தால் போதும் என்று மேல் பாதியைத்தான் எடுத்திருந்தார்.

ஜெர்மன் பஸ் அட்டவணைகளில் S என்றால் பெரும்பாலும் ‘பள்ளி நாட்களில் மட்டும்’ என்று பொருள். F என்றால் பள்ளி விடுமுறையில் மட்டும். இதே S ரயில் அட்டவணையில் ரயில் எண்ணுக்கு முன்னால் வந்தால், நகரையும் சுற்றுப்புறத்தையும் இணைக்கும் புறநகர் ரயிலைக் குறிக்கும். எழுத்து ஒன்று, பொருள் வேறு. அதனால் அந்தந்தத் தாளின் அடியில் இருக்கும் விளக்கத்தை வைத்துத்தான் படிக்க முடியும்.

அந்த வாரம் பவேரியா மாநிலத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை. ஆக, 7.10 பஸ் திங்கட்கிழமையாக இருந்தாலும் வந்திருக்காது. அது போதாதென்று ஜூன் 19 கிறிஸ்தவப் பண்டிகை ஒன்றுக்கான அரசு விடுமுறை. இந்த விடுமுறை பவேரியாவில் உண்டு, பெர்லினில் கிடையாது. விடுமுறை நாளில் வியாழக்கிழமைக்கும் ‘ஞாயிறு மற்றும் விடுமுறை நாட்கள்’ என்ற கட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு சுத்தியல்கள் குறுக்கே இருக்கும் குறி போட்ட வண்டிகளும் அன்று ஓடாது. அந்தக் குறிக்கு ‘வேலை நாட்கள்’ என்று பொருள். இதில் இன்னொரு சூட்சுமம், அங்கே சனிக்கிழமையும் வேலை நாள் கணக்கில் வரும். சனிக்கிழமை லீவுதானே என்று நினைத்து அந்த வண்டியை விட்டுவிடவும் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில் அடுத்த பஸ் 8.05-க்கு இருந்தது. அதை வைத்து ரயிலைத் தேடியபோது அடுத்த சிக்கல். முனிச்சிலிருந்து டேகர்ன்சே போகும் RB 57, லெங்ரீஸ் போகும் RB 56, பைரிஷ்செல் போகும் RB 55 ஆகியவை சேர்ந்தே கிளம்பும் வழக்கம் உண்டு. ஹோல்ஸ்கிர்ஷன் நிலையத்தில் பைரிஷ்செல் பகுதி கழன்றுவிடும். மிச்சம் இரண்டும் ஷாஃப்ட்லாக் நிலையத்தில் பிரியும். நம்மூரில் ரயிலைப் பிடித்துவிட்டால் உள்ளே நடந்து நம் பெட்டிக்குப் போய்விடலாம். இங்கே தப்பான பகுதியில் ஏறினால் ஏரிக்குப் பதில் மலையடிவாரத்தில் போய் நிற்க வேண்டியதுதான். அட்டவணையின் குறிப்பில் Zugteilung என்ற சொல் இருந்தால் ரயில் வழியில் பிரியப் போகிறது என்று அர்த்தம்.

எந்தப் பகுதியில் ஏறுவது? Gleis என்றால் தண்டவாள எண், நாம் பிளாட்ஃபார்ம் நம்பர் என்போமே, அதுதான். அதோடு A, B, C என்று எழுத்து இருந்தால் அது பிளாட்ஃபார்மின் ஒரு பகுதி. மதுரை ஜங்ஷனில் கோச் நம்பர் காட்டும் போர்டைத் தேடி நிற்போமே, கிட்டத்தட்ட அதே வேலையை அங்கே இந்த எழுத்துப் பலகைகள் செய்கின்றன. ஆனால் காகித அட்டவணையில் இருக்கும் பிளாட்ஃபார்ம் அன்று மாறலாம். அதனால் கிளம்பும்முன் மின்னணுப் பலகையைப் பார்த்துவிட்டு, ஏறும்போது பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரையும் படித்துவிட வேண்டும். அவர்கள் அன்று ‘Tegernsee’ என்று எழுதிய பெட்டியில்தான் ஏறினார்கள். அம்மாவுக்கு நம்பிக்கை வராமல், உள்ளே ஏறியபிறகும் எதிரில் இருந்த ஒருவரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லி, தலையாட்ட வைத்த பிறகுதான் உட்கார்ந்தாராம்.

போட்டோ எடுக்கும்போது தாளின் நான்கு மூலையும் தெரிய ஒரு படம், அடிக்குறிப்பை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்தால் போதும். அட்டவணை செல்லுபடியாகும் தேதியும் அதில் வந்துவிடும். ஐரோப்பாவின் பெரும்பாலான ரயில் அட்டவணைகள் டிசம்பர் நடுவில் மாறும். 2025-ல் மாறிய நாள் டிசம்பர் 14. போன வருடம் எடுத்த போட்டோ கேலரியில் இருந்தால், அதை நம்பிக் கிளம்ப வேண்டாம். அட்டவணைக்குப் பக்கத்தில் தனியாக ஒட்டியிருக்கும் தாளில் SEV என்ற எழுத்துகள் இருந்தால், தண்டவாள வேலை காரணமாக அந்தத் தடத்தில் ரயிலுக்குப் பதில் பஸ் ஓடுகிறது. அந்த பஸ் நிற்கும் இடமும் அதே தாளில்தான் இருக்கும்.