பத்துத் தாளின் எடை

ஜூன். ஹிஞ்சேவாடியில் மழையும் பள்ளிக்கூடமும் ஒன்றாகத் தொடங்குகிற மாதம். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு நோட்டு செட் கட்டுகிறேன். சரக்கு புனேயின் அப்பா பல்வந்த் சௌக்கில் எடுத்தது.

செட்டில் ஒட்டும் சீட்டு: 24 × 18 செ.மீ., 172 பக்கம், 57 ஜிஎஸ்எம், நாலு வகைக் கோடு, 6 நோட்டு. இதில் ஒன்றை விட்டாலும் விலையை ஒப்பிட முடியாது. "நோட்டு என்ன விலை?" என்று மட்டும் கேட்பவர்களிடம்தான் எனக்குப் பயம்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். உறையில் போட்டிருப்பதை நம்ப வேண்டியதில்லை. ஒரு நோட்டைப் பலி கொடுத்துப் பத்துத் தாளைக் கிழித்தேன். ஒரு தாள் 432 சதுர செ.மீ., பத்துக்கு 4,320, அதாவது 0.432 சதுர மீட்டர். 57 ஜிஎஸ்எம் என்றால் தராசு 24.6 கிராம் காட்ட வேண்டும். காட்டியது 22. வகுத்தால் கிட்டத்தட்ட 51. மழைக்காலத்தில் தாள் ஈரத்தை இழுத்து எடை கூடத்தான் செய்யும். அப்படியும் குறைகிறது என்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. சீட்டில் 57-ஐ அடித்துவிட்டு 51 என்று எழுதினேன். பென்சிலில் எழுதுகிற மூன்றாம் வகுப்புக்கு அது போதும். ஜெல் பேனா பிடிக்கிற பெரிய பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டேன், மறுபக்கம் தெரியும்.

பக்கக் கணக்கில் வேறொரு விளையாட்டு. நடுவில் பின் அடித்த நோட்டில் ஒரு முழுத் தாளை மடித்தால் நான்கு பக்கம். 172 பக்கம் என்றால் பின்னிலிருந்து உறை வரை 43 தாள் இருக்க வேண்டும். எண்ணினேன், 42. மீதி நான்கு பக்கம் உறையாம். பின்புறம் எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள், பொய் என்று சொல்ல வழியில்லை.

கோடுதான் பெரிய தலைவலி. இங்கே மராத்திக்கு துரேகி, நம்மூர் ரெட்டைக்கோடு. தேவநாகரி எழுத்து மேல்கோட்டில் தொங்கும். வீட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் அம்மாக்களும் அதையேதான் கேட்கிறார்கள். ஆங்கிலத்துக்கு நாலு கோடு, கணக்குக்குக் கட்டம். மொத்தக் கடையில் ஆறும் ஒரே கோடாகத்தான் பண்டல் வரும். பிரித்து, ரெட்டைக்கோடு 2, நாலு கோடு 2, கட்டம் 1, ஒற்றைக்கோடு 1 என்று நானே சேர்க்கிறேன்.

போன வருஷம் எல்லாவற்றிலும் சமமாக வாங்கிவிட்டேன். தீபாவளிக்கு முன்பே ஃபோன்: "அண்ணா, நாலு கோடு மட்டும் தீர்ந்துபோச்சு, தனியா ரெண்டு கிடைக்குமா?" பரணில் இருந்தது முழுக்க ஒற்றைக்கோடு.