டியூஷன் வருமானமும் வண்டன்மேட்டு மழையும்

வண்டன்மேட்டில் இருக்கும் சித்தி மகள் போனில் கேட்டாள். "அண்ணா, டியூஷன்ல மாசம் ஒன்பதாயிரம் வருது, ஸ்கூட்டர் லோன் போடட்டுமா?" நம்ம தொழில் புத்தி சும்மா இருக்குமா? எப்படிக் கணக்குப் போட்டாய் என்றேன். மூன்று வீடு, வீட்டுக்கு வாரம் 3 வகுப்பு, வகுப்புக்கு 250 ரூபாய். மாதம் நாலு வாரம். ஆக 9,000.

வருடத்துக்கு 52 வாரம் என்பதால் மாதத்துக்கு நாலே கால் வாரத்துக்கு மேலேயே வரும், அதன்படி 9,750 என்று கூடச் சொல்லலாம். ஆனால் அவள் கைக்கு இரண்டுமே வராது. ஏலக்காய்க் காட்டில் ஜூன், ஜூலை மழை எப்படி என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். கலெக்டர் விடுமுறை அறிவிக்கும்போது பல தடவை டியூஷன் சென்டர்களையும் சேர்த்தே சொல்லிவிடுவார். வீட்டு டியூஷனும் அன்றைக்கு நின்றுவிடும்.

அதனால் வருடமாகப் பார்க்கச் சொன்னேன். ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். 52 வாரத்தில் ஏப்ரல், மே லீவுக்கு 8, ஓணம், கிறிஸ்துமஸுக்கு 3 போனால் மீதி 41 வாரம். அதாவது 123 வகுப்பு. போன வருடம் மழை, காய்ச்சல், கல்யாணம் என்று 15 நின்றது. அதில் 6 வேறு நாளுக்குத் தள்ளி நடந்தது. ஆக நிஜமாக இழந்தது 9 தான். 114 வகுப்பு, 28,500 ரூபாய். மூன்று வீட்டுக்கும் 85,500. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 7,125.

இதில் குழப்புவது தள்ளிப்போட்ட வகுப்புதான். ஜூனில் 13 வகுப்பில் 4 நின்று, அதில் 3 ஜூலைக்குப் போனால், ஜூன் 9, ஜூலை 16. ஜூலையை மட்டும் பார்த்தால் சம்பளம் ஏறிய மாதிரி தெரியும். இரண்டு மாதத்தையும் சேர்த்தால் 26-க்கு 25, அவ்வளவுதான். நோட்டில் நின்ற தேதிக்கு நேரே நடந்த தேதியை எழுதினால் போதும். எதிரே தேதி இல்லாதவை மட்டும் நஷ்டம். திட்டமிட்டதில் அந்த நஷ்டத்தைக் கழித்தால் நடந்த வகுப்பு வரவேண்டும். அதிகமாக வந்தால் ஏதோ ஒன்றை இரண்டு தடவை எழுதியிருக்கிறோம்.

இன்னொன்று. 7,125 சராசரிதான், மாதாமாதம் வராது. வகுப்பு நடக்கும் பத்து மாதத்தில் சராசரி 8,550. அதில் மாதம் 1,425 தனியாக எடுத்து வைத்தால்தான் ஏப்ரல், மே இரண்டுக்கும் 7,125 இருக்கும். வகுப்பு இல்லை என்று இ.எம்.ஐ. நிற்காதே!

"அப்போ லோன் வேண்டாமாண்ணா?" என்றாள். வாங்கு, ஆனால் தவணையை 9,000-த்தை வைத்து முடிவு பண்ணாதே, 7,125-ல் வீட்டுச் செலவு போக மிஞ்சுவதை வைத்துப் பண்ணு என்றேன். நின்ற வகுப்பை அந்த மாதத்துக்குள்ளேயே வேறு நாளில் வைக்க வேண்டும் என்று மூன்று வீட்டிலும் பேசப் போகிறாளாம். நின்ற 9-ல் நாலைக் காப்பாற்றினால் வீட்டுக்கு வருடம் 1,000 ரூபாய். அது வட்டியை விட லாபம் :-)